வடிகட்டிய தண்ணீரும் என் கைகளும்

ஜூன் 8, ஞாயிறு

ஒர்க்ஷாப் லீவு. நாள் முழுக்க மகள் பிராமியோடுதான். ஒரு வயசு முடிந்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அதற்குள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சாயங்காலச் சோறு என் கையில் ஊட்டினால்தான் இறங்கும். என் மனைவி சுருதி ஊட்ட உட்கார்ந்தால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னைத் தேடுகிறாள். "என் கையில என்ன வேப்பெண்ணெயா தடவியிருக்கு?" என்று சுருதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் கட்டி வடிகட்டினேன். துணியில் நின்றதைக் குழாயடியிலேயே அலசி விட்டேன். எங்கள் ஜைனக் குடும்பத்தில் வடிகட்டாத தண்ணீரைக் குடிக்கிற வழக்கம் கிடையாது. அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் வேலையே இதுதான். கிரிவலப் பாதையில் இருக்கிற இந்த அடி அண்ணாமலைக்குக் குடிவந்த பிறகும் ஒரு நாள் தவறியதில்லை. கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்களைப் பார்த்தால் கொஞ்சம் இளக்காரம்கூட உண்டு எனக்கு.

ஜூன் 9, திங்கள்

பிராமிக்கு வயிறு சரியில்லை. காலையிலிருந்து தண்ணீர் தண்ணீராகப் போகிறாள். ஒருமுறை வாந்தி. பக்கத்து வீட்டு அக்கா, "பல்லு முளைக்கும்போது இப்படித்தான் போவும். தண்ணி கம்மியா குடு, குடுத்தா இன்னும் ஜாஸ்தியாவும்" என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. பாலையும் தண்ணீரையும் குறைத்தோம்.

மத்தியானம் நான்தான் கழுவிவிட்டேன். கையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு லுங்கியில் துடைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து எடுத்துப்போனேன். இரண்டு வாய்தான் வாங்கினாள்.

ஜூன் 10, செவ்வாய்

பௌர்ணமி.

அழுகிறாள், கண்ணில் தண்ணி வரலை.

காலையிலிருந்து ஒண்ணுக்குப் போகலை. கண்ணு உள்ளே போயிருக்கு. கூப்பிட்டா திரும்பிப் பார்த்துட்டு மறுபடியும் மூடிக்கிறா. சுருதி அழறா. ஆட்டோ எதுவும் உள்ளே வராது, கிரிவலப் பாதை முழுக்க ஜனம். வண்டியிலயே கிளம்பறோம்.

ஜூன் 11, புதன்

இப்போதுதான் எழுத முடிகிறது. ஆஸ்பத்திரி வராந்தா. பிராமி சுருதியின் மடியில் தூங்குகிறாள். தூக்கம்தான் என்று டாக்டர் இரண்டு முறை சொன்ன பிறகுதான் நம்பினேன்.

நேற்று வந்த வழி கண்ணிலேயே நிற்கிறது. எதிரே மொத்தக் கூட்டமும் நடந்து வருகிறது. வண்டியை உருட்டத்தான் முடிந்தது, ஓட்ட முடியவில்லை. சுருதி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். யாரோ ஒருவர் பார்த்துவிட்டு, "கொழந்தைக்கு ஒடம்பு முடியல, வழி வுடுங்க" என்று குரல் கொடுத்தார். அப்புறம் அந்தக் குரல் எங்களுக்கு முன்னாலேயே வாய்மாறி வாய்மாறிப் போய்க்கொண்டிருந்தது. பாதை தானாகத் திறந்தது. அவர்கள் யார் முகமும் எனக்கு ஞாபகமில்லை. நல்லா இருக்கட்டும்.

டாக்டரம்மா பிராமியின் வயிற்றுத் தோலை விரலால் கிள்ளிவிட்டுப் பார்த்தார். மடிப்பு மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, ஆனால் வாயால் குடிக்கிறாள், அதனால் ஊசியில் ஏற்ற வேண்டாம், நீங்களே ஊட்டுங்கள் என்றார். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை முழுசாக ஒரு லிட்டர் காய்ச்சி ஆறின தண்ணீரில் கரைக்க வேண்டுமாம். பாதி பாக்கெட், அரை டம்ளர் என்று கண்ணளவுக்குக் கலக்கக் கூடாது. உப்பு கூடினால் அதுவே ஆபத்து, குறைந்தால் பிரயோஜனம் இல்லை.

ஸ்பூனால் ஊட்டினோம். ஒரு ஸ்பூன், கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். நடுவில் வாந்தி எடுத்தாள். போச்சு, எல்லாம் வெளியே வந்துடுச்சு என்று ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டேன். கன்னியம்மாள் என்ற நர்ஸ் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் விட்டு மறுபடி ஆரம்பிங்க, இன்னும் மெதுவா குடுங்க என்றார். நானும் சுருதியும் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். எத்தனை நேரமென்று தெரியாது. திடீரென்று என் மடி சூடானது. பிராமி ஒண்ணுக்குப் போயிருந்தாள். அந்த ஈரத்தோடு உட்கார்ந்து அழுதேன். வெட்கமே இல்லை.

காலையில் டாக்டரம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்டார். துணியில் வடிகட்டித்தான் கொடுக்கிறோம் என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "துணியில தூசி நிக்கும், புழு நிக்கும். பேதி உண்டாக்குற கிருமி நிக்காதுங்க. அது துணியோட கண்ணைவிட ரொம்பச் சின்னது" என்றார். தினமும் துணியைத் துவைத்து வெயிலில் காயவைக்கிறீர்களா என்றும் கேட்டார். அலசிக் குழாய்மேலேயே போட்டு வைப்பேன். எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும்.

பிள்ளையைக் கழுவிவிட்ட பிறகு சோப்பு போடுகிறீர்களா என்று கேட்டபோது கையை லுங்கியில் துடைத்தது ஞாபகம் வந்தது.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டோம். பேதி இன்னும் முழுசாக நிற்கவில்லை. ஆனால் குறைகிறது. பேதியைச் சட்டென்று நிறுத்துகிற மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது, போகிறபடி போகட்டும், போனதை ஈடுகட்டுங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் ஓ.ஆர்.எஸ். கொடுக்க வேண்டும். கலந்தது ஒரு நாளைக்குத்தான், மிச்சமானால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். ஜிங்க் மாத்திரையை ஸ்பூனில் கரைத்துப் பதினாலு நாள். பேதி நின்றாலும் நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலும் சோறும் எப்போதும்போல. தண்ணீரைக் குறைத்தோமே, அதுதான் எவ்வளவு பெரிய தப்பு. மலத்தில் ரத்தம் வந்தாலோ, குடிக்காமல் துவண்டாலோ உடனே தூக்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம் பிராமி தட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் வண்டிக்குப் பெட்ரோல் போடணும் என்று வெளியே போய்விட்டேன்.

ஜூன் 16, திங்கள்

எதனால் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் டாக்டரம்மா சொன்னார். தண்ணீராக இருக்கலாம், கையாக இருக்கலாம், ஈயாக இருக்கலாம். எனக்கு மட்டும் கைதான் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஒர்க்ஷாப்பில் கிரீஸ் கையைச் சோப்புத்தூள் போட்டு நகம் நகமாகத் தேய்ப்பேன். கறுப்பாக இருந்தால்தான் அது அழுக்கு. பிள்ளையைக் கழுவின கை வெள்ளையாக இருந்தது, அதனால் சுத்தம். குழந்தை மலத்தில் என்ன இருக்கு, பால் குடிக்கிற பிள்ளைதானே என்று வேறு நினைத்திருந்தேன். வாசல் சாக்கடையில்தான் கொட்டுவோம். அதில் உட்கார்ந்த ஈதான் சமையல்கட்டுக்கும் வரும். இனிமேல் கக்கூஸில்தான் கொட்ட வேண்டும்.

குடத்தில் சொம்பை விட்டு மொள்ளும்போது நாலு விரலும் தண்ணீரில் நனையும். இது இத்தனை வருஷமாகக் கண்ணில் படவே இல்லை.

ஜூன் 18, புதன்

குழாய் வைத்த மூடி போட்ட எவர்சில்வர் டிரம் வாங்கி வந்தேன். தண்ணீரை வடிகட்டி, தளதளவென்று கொதிக்கவிட்டு, மூடியோடு ஆறவைத்து அதில் ஊற்றுகிறோம். கை உள்ளே போகவே வழியில்லை. கக்கூஸ் பக்கத்தில் ஒரு சோப்பு, சமையல்கட்டில் ஒரு சோப்பு. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் தேய்த்துக் கழுவிக் காற்றில் காயவிடணும், லுங்கியில் துடைக்கக் கூடாது.

எல்லாம் செய்கிறேன். ஊட்டுவதை மட்டும் சுருதியிடம் விட்டுவிட்டேன். பிராமி அவளிடம் அழுது அழுதே சாப்பிடுகிறாள். கழுவின கையை முகர்ந்து பார்க்கிறேன், சோப்பு வாசம்தான் வருகிறது. இருந்தும் மனசு ஒப்பவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

வந்தவாசி பக்கத்து ஊரிலிருந்து அப்பா வந்தார். பேத்தியைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது அவருக்கு. டிரம்மைப் பார்த்ததும் முகம் மாறியது. "வடிகட்டுறது தண்ணியில இருக்குற உயிரைக் காப்பாத்த. காய்ச்சினா அதெல்லாம் செத்துப்போவுதேடா" என்றார். கோபம்கூட இல்லை, வருத்தம்தான். அவர் சொல்லிக்கொடுத்ததில் குறை என்று அவரிடமே எப்படிச் சொல்வது?

சுருதிதான் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள். "முனிவர் ஆகாரத்துக்கு வந்தப்போ நம்ம வீட்டுல காய்ச்சின தண்ணிதானே வெச்சோம் மாமா. முனிவருக்கு ஆகுது, உங்க பேத்திக்கு ஆகாதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில் அப்பாவே தண்ணீர் பிடித்து வந்து வடிகட்டினார். அப்புறம் குண்டானைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டு, "மொதல்ல வடிகட்டு, அப்புறம் காய்ச்சு. ரெண்டும் நடக்கட்டும்" என்றார். துணியைச் சோப்பு போட்டுத் துவைத்து மாடிக்கொடியில் வெயிலில் போட்டதும் அவர்தான். பஸ் ஏறும்போது, ஊரிலும் ஒரு டிரம் வேண்டும் என்றார். இவரோடு நான் எந்தச் சண்டைக்கும் தயாராக வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

ஜிங்க் மாத்திரை முடிந்தது. பேதி எப்போதோ நின்றுவிட்டது. கன்னம் திரும்பி வருகிறது.

ஜூலை 3, வியாழன்

சுருதி இன்று நேராகவே கேட்டாள். "எத்தனை நாளைக்கு இப்படித் தள்ளியே நிப்பீங்க? அவளுக்கு என்ன தெரியும்? அப்பாவுக்கு என்மேல கோவம்னு நெனச்சுக்குது." நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். நாளைக்கும் இதையேதான் சொல்வேன் என்று எனக்கே தெரியும்.

ஜூலை 10, வியாழன்

மறுபடியும் பௌர்ணமி. வாசலில் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. பிராமி என் தோளில் உட்கார்ந்து எல்லோருக்கும் டாட்டா காட்டினாள். எனக்குத்தான் யார் முகத்தைப் பார்த்தாலும் நன்றி சொல்லத் தோன்றியது.

ஜூலை 19, சனி

சுருதியின் அக்காவுக்கு வளைகாப்பு. வெயிலில் பிள்ளையை அலையவைக்க வேண்டாம் என்று என்னிடம் விட்டுவிட்டுப் போலூருக்குப் போய்விட்டாள். வேண்டுமென்றேதான் செய்தாள். "சோறு இருக்கு, பருப்பு இருக்கு, நீங்க இருக்கீங்க" என்றாள், அவ்வளவுதான்.

ஸ்பூனில் ஊட்டிப் பார்த்தேன். தட்டிவிட்டாள். வாழைப்பழம் காட்டினேன், தூக்கிப் போட்டாள். பசியில் முகம் சிவந்து அழ ஆரம்பித்தாள். அந்தப் பௌர்ணமியன்று அழுதது ஞாபகம் வந்தது. அப்புறம்தான் கவனித்தேன். கன்னம் முழுக்கக் கண்ணீர் ஓடுகிறது. கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறதே என்று சந்தோஷப்பட்ட அப்பன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

சோப்பு போட்டுக் கழுவினேன். மனசு கேட்கவில்லை, இன்னொரு முறை கழுவினேன். அவள் கையையும் பிடித்துக் குழாயடியில் காட்டி விரல் விரலாகத் தேய்த்துவிட்டேன். நுரையைப் பார்த்ததும் அழுகையை மறந்து சிரித்தாள். சூடான சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுக் குழையப் பிசைந்து ஒரு வாய் எடுத்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவள் காத்திருக்கவில்லை. என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தானே வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். தட்டு காலியானதும் என் விரல் ஒவ்வொன்றையும் சப்பி முடித்துவிட்டு, "இன்னும்" என்றாள்.