ஒரு வருடத்துக்கு நான் எழுதிய நாலு வரி

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் சின்னவளும் நன்றாக இருக்கிறோம், உன் தொண்டை வலி விட்டதா, வெந்நீர் குடிக்கிறாயா? போனில் தட்டாமல் தாளில் எழுதுகிறாளே என்று பார்க்காதே. காரணம் இருக்கிறது, தாளில் ‘மேலும் படிக்க’ கிடையாது.

உன் அப்பா வீட்டைவிட்டுப் போய் ஒரு வருடம் ஆன அன்று நான் போன் செயலியில் ஒரு படம் போட்டேன் அல்லவா, அதைத்தான் சொல்ல வருகிறேன். கண்ணாடிக் கடையிலிருந்து வந்து, கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு மேசையில் சின்னவளை முதுகுப்பக்கம் தெரிய உட்காரவைத்து எடுத்தது. நாற்காலியில் அவள் காலுறை தொங்குகிறது, அது தெரியட்டும் என்றே விட்டேன். படத்தின் கீழே போடும் வாசகத்தை எழுதி முதலில் அவளுக்குத்தான் படித்துக் காட்டினேன். ஒன்பது வயதுக்கு அவள் வாய் உனக்குத் தெரியுமே, “நான் அழுததப் போடாத, நீ அழுததை வேணும்னா போட்டுக்கோ” என்றாள். நியாயம்தானே, அவள் அழுகை அவளுடையது, அந்த வரியை அடித்துவிட்டேன். ஆனால் என் புத்திக்கு எட்டாத ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தை மறந்தேன், சில நாள் சமைக்கவில்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன் என்று அதைத்தான் முதலில் எழுதியிருந்தேன். அந்தச் செயலி முதல் இரண்டு வரியை மட்டும் காட்டிவிட்டு, ‘நாங்கள் இருக்கிறோம்’ என்ற மிச்சத்தை ‘மேலும் படிக்க’வுக்குள் மறைத்துவிட்டது! எவர் விரலும் அதைத் தொடவில்லை. அத்தை போனில் அழுகிறாள், மாமா படத்தை உடனே எடுத்துவிடு என்கிறான், கடை முதலாளி இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். மூக்குக்கண்ணாடி விற்கிறவளுடைய எழுத்தையே யாரும் முழுசாகப் படிக்கவில்லை, என்ன சொல்ல.

அவர்களை விடு. நீயும் எடுக்கச் சொன்னாயே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. “ஆபீஸ்ல எல்லாரும் பாக்குறாங்கம்மா” என்று எழுதி, கூடவே வேறொரு வாசகமும் அனுப்பியிருந்தாய், தீயில் வெந்து எழுந்தவள், இரும்புத் தாய் என்று. படித்ததும் சிரித்துவிட்டேன். அடி என் செல்லமே, நான் எதிலிருந்தும் எழவில்லை, அலாரம் மூன்றாவது தடவை அடித்தபிறகு படுக்கையிலிருந்து எழுந்தேன், அவ்வளவுதான். இரும்பு என்று போட்டால் நாளைக்கு முதுகு வலிக்கிறது என்று யாரிடம் சொல்வது? பாவம் என்று சொல்பவர்களும் வேண்டாம், கை தட்டுபவர்களும் வேண்டாம். இரண்டு கூட்டமும் வந்து பாத்திரம் கழுவப்போவதில்லை. நான் வெட்கப்படும்படி எதுவும் நடக்கவில்லை, அதனால் எடுக்கமாட்டேன். உன் மாமாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன், குரல் கொஞ்சம் உயர்ந்துதான் போயிற்று, போகட்டும்.

எடுக்கவில்லையே தவிர, திருத்தினேன். கடையில் கண்ணாடி மாட்டிவிடும்போது முதலில் மூக்கில் உட்காருகிறதா என்று பார்ப்போம், பிறகுதான் காது. அதேபோல் உட்காரவேண்டிய வரியைத் தூக்கி முன்னால் வைத்தேன். ‘திருத்தப்பட்டது’ என்று கீழே சின்னதாக வருகிறது, வரட்டும், திருத்தியதுதானே. இப்போது இப்படி இருக்கிறது:

“ஒரு வருடம். அவர் போனார், நாங்கள் இருக்கிறோம்.
கூட்டத்தை மறந்தேன். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பாடாகிற நாளும் உண்டு.
கத்தினேன், அழுதேன், சின்னவளிடம் மன்னிப்பும் கேட்டேன்.
நாளைக்கும் பள்ளிக்கூடம் இருக்கிறது. பெரியவள் தூரத்தில் இருக்கிறாள், அவளும் எங்களில் ஒருத்தி.”

படத்தில் உன் பெயரைக் கோத்திருந்தேன், அதனால்தான் உன் ஆபீஸ்காரர்கள் கண்ணில் பட்டது என்று சின்னவள் விளக்கினாள். உன்னைக் கேட்காமல் செய்தது என் தப்பு. அவளிடம் கேட்டேன், உன்னிடம் கேட்கவில்லை, உனக்கும் அவர் அப்பாதானே. பெயரை எடுத்துவிட்டேன். வாசகத்தின் கடைசி வரியை மட்டும் எடுக்கவில்லை, அதில் பெயர் இல்லை, யாருக்கும் தெரியாது, உனக்கு மட்டும் தெரியும். உன் பெயரைத் திரும்பக் கோக்கவேண்டுமென்று என்றைக்காவது தோன்றினால் ஒரு வார்த்தை சொல், தோன்றாவிட்டாலும் நீ என் பெண்தான்.

நல்லா இரு, கண்ணே, நீ நினைத்தது நடக்கட்டும். வெந்நீரை மறக்காதே. சின்னவள் உன் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறாள், கை நீளம்தான், மடித்துவிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
இரும்பில்லாத உன் அம்மா