அஸ்தத்துக்கு ஏது சிம்மம்?

மாரமங்கலம்,
வைகாசி 5

அன்புள்ள பிரவீன் கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உன் பெண்டாட்டி காயத்ரியும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க சேர்வராயன் சாமி பார்த்துக்கொள்ளட்டும். போனில் பேசினால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முழுசாகத் திட்டி முடிக்கலாம், அதனால் எழுதுகிறேன்.

கோடை மழை நன்றாகப் பெய்தது, காப்பி பூத்து அடங்கிவிட்டது. அப்பா திருவிழாவுக்குக் கோயிலில் பந்தல் போடுகிறேன் என்று போனவர் ஊடு தங்குவதில்லை. பாப்பா நடக்க ஆரம்பித்துவிட்டாள், அதை நீ வீடியோவில்தான் பார்த்தாய். எனக்கு அஷ்டமச் சனிம்மா, ரெண்டரை வருசம் குடும்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பிள்ளைக்கு ஆகாது என்று சொல்லி இவர்களை இங்கே விட்டுப் போனாயே, அதை நம்பி நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி ஏற்காடு போய் எள் தீபம் போட்டேன். போன வாரம் உன் பேருக்கு அர்ச்சனை கேட்டேன். சிம்ம ராசி, அஸ்த நட்சத்திரம் என்றேன். ஐயர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, ஏம்மா, அஸ்தத்துக்கு ஏது சிம்மம், அது கன்னியாச்சே என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். பெத்தவளுக்குப் பிள்ளையின் ராசி தெரியவில்லை என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? எனக்கு நட்சத்திரம்தான் ஞாபகம், ராசியை நீ சொன்னதால் நம்பினேன்.

அன்றைக்கே ஜாதகத்தை எடுத்துக்கொண்டு சேலம் ஜோசியர் பெரியநாயகத்திடம் போனேன். அவர் கட்டத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். சிம்மத்தில் ல என்று போட்டிருக்கிறதே, அது லக்னமாம். உன் சந்திரன் கன்னியில். கோச்சாரத்துக்கு, அதாவது கிரகம் இப்போது நடக்கிற கணக்குக்கு, சந்திரன் நின்ற வீட்டிலிருந்துதான் எண்ண வேண்டும், நீ லக்னத்திலிருந்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். சனி இப்போது மீனத்தில். சிம்மத்திலிருந்து எண்ணினால் எட்டு, அது அஷ்டமம். கன்னியிலிருந்து எண்ணினால் ஏழு, அதற்குக் கண்டகச் சனி என்று பேர். ஏழாம் இடம் யாருடையது தெரியுமா, பெண்டாட்டியுடையது. அங்கே இருந்து சனி ஏழாம் பார்வையாக உன் ராசியையே பார்க்கிறான், அதனால் மனசு பாரமாக இருக்கும், வீட்டில் வாக்குவாதம் வரும், ஒருவர் சொன்னது மற்றவருக்குக் குத்தும், காரியம் இழுத்தடிக்கும். அவ்வளவுதானுங்க அம்மா, யாரையும் தூக்கிக்கொண்டு போகிற சனி இல்லை என்றார். நடக்கிற குரு தசை உனக்குத் தாங்குமாம், தசை நன்றாக இருந்தால் கோச்சாரம் உரசிவிட்டுப் போகுமாம். கண்டகச் சனியில் புருசன் பெண்டாட்டி பிரிவு வரும் என்பார்கள், இவனோ சனி கேட்கும் முன்னாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டானே என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை சாமி, பத்திக்கொண்டு வந்தது.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். நீ காத்திருந்து காத்திருந்து சனி மீனத்தை விட்டு மேஷத்துக்குப் போனால், கன்னிக்கு அப்போதுதான் நிஜமான அஷ்டமச் சனி ஆரம்பம். அப்போது இன்னொரு ரெண்டரை வருசம் என்பாயா? பாப்பா பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஏழரைக்கு மூன்று ராசி, நாலில் ஒன்று, ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று, பத்தில் ஒன்று என்று எண்ணிப் பார், பன்னிரண்டு ராசியில் ஏழு ஆச்சு, எந்த நேரமும் பாதிப் பேருக்கு மேல் சனியின் ஏதோ ஒரு பிடியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாம் பிள்ளை குட்டியோடு குடித்தனம் பண்ணவில்லையா? அஷ்டமத்தில்கூட வண்டியை நிதானமாக ஓட்டு, யாருக்கும் ஜாமீன் போடாதே, உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் ஜோசியரே சொல்கிறார். பெத்த பிள்ளையைப் பார்க்காதே என்று எந்தப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது? உனக்குப் பயம், பாப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. அது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் போனில் ஏதோ ஒரு ராசிபலன் வீடியோவைப் பார்த்துவிட்டு முடிவெடுத்தவன், ஜாதகத்தை ஒரு தடவை யாரிடமாவது காட்டியிருக்கலாமே.

வந்து காயத்ரியிடம் எல்லாம் சொன்னேன். சந்தோசப்படுவாள், பெட்டி கட்டுவாள் என்று நினைத்தேன். அவள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவதை நிறுத்திவிட்டு, ஏனுங்க அத்தை, அஷ்டமச் சனின்னு சொன்னப்ப நொம்பப் பயமா இருந்துச்சுங்க, அது இல்லைன்னு தெரிஞ்ச பொறவு அதை விடப் பயமா இருக்குதுங்க, அது இல்லாமயே அவரு எங்களை இங்க உட்டுப்போட்டு இருந்திருக்காருங்களே என்றாள்.

இதற்கு என்னிடம் பதில் சொல்லாதே. நேரில் வந்து அவளிடம் சொல், வரும்போது ஜாதகத்தைப் பற்றிப் பேசாதே. நீயும் அவளும் பாப்பாவும் ஒரே கூரைக்குக் கீழே நூறு வருசம் நல்லா இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. இந்தக் கடிதம் கிடைத்ததும் முதல் போன் எனக்கு இல்லை, அவளுக்கு.

இப்படிக்கு,
கோபமாக இருக்கும் உன் அம்மா
புஷ்பலதா