பட்டப்பகலில் பறந்த மின்னாம்பூச்சி

கண் திறக்காமலே போய்விட்ட என் மகளே, சாமி,

உனக்கு எழுதுவது உன் அம்மாவின் வேலை. அவள் நிறுத்திவிட்டாள். அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு இதெல்லாம் வராது. ரயில் பட்டறையில் கொதிகலன் பார்க்கிறவன் நான்.

நீ வயிற்றில் இருந்தபோது, நான் கொண்டுவரும் பழைய பட்டறைக் காகிதங்களின் பின்பக்கத்தில் உன் அம்மா பாவாயி உனக்கு எழுதுவாள். ஆணா பெண்ணா தெரியாது, பேர் வைக்கக் கூடாது. ஆகவே எல்லாவற்றிலும் நீ சாமிதான். பேசுகிறபடியே எழுதுவாள்.

'சாமி, இன்னைக்கு நீ அசைஞ்சே. கெண்ட மீனு துள்ளுனாப்பல இருந்துது. உங்கொப்பங்கிட்டச் சொன்னேன். வாயுவா இருக்கும்னாரு.'

'நீ பொம்பளப் புள்ளையா இருந்தாலும் பள்ளிக்கோடம் போவோணும்.'

'பெத்தெடுக்கறப்ப நான் செத்துட்டா என் மூஞ்சி உனக்குத் தெரியாது. மூக்குக்கு இடப்பக்கம் மச்சம் இருக்குது. கேட்டா உங்கொப்பன் சொல்லுவாரு.'

கட்டுச்சோற்று விருந்து முடிந்து, ராசிபுரம் பக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அவளைப் பிரசவத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்து எனக்கு வந்த கார்டுகளில் 'சௌக்கியம்' மட்டும்தான் இருந்தது. கார்டை வழியில் எல்லாரும் படிப்பார்கள். கால் வீங்கியதைப் புருஷனுக்கு எழுத எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? உனக்கு எழுதினாள்.

'சாமி, மெட்டி கழல மாட்டேங்குது. பாரம் எறங்குதுன்னு அம்மா சொல்றாங்க. மூஞ்சியும் உப்பிப் போச்சு. தல வலி தாங்கல. பட்டப்பகல்ல கண்ணு முன்னால மின்னாம்பூச்சி பறக்குது. யாருகிட்டச் சொல்ல?'

அதுதான் கடைசி. அன்றைக்கு அவள் எழுதுவதை உன் அம்மாயி, அவளைப் பெற்றவர், பார்த்துவிட்டார். "பொறக்காத புள்ளைக்கு ஆராச்சும் கடுதாசி போடுவாங்களா? எமனுக்கு ஊட்டு விலாசத்தச் சொல்லிக் குடுக்கறியா?" என்று பென்சிலைப் பிடுங்கி அடுப்பில் போட்டார். படித்துப் பார்க்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்த மைத்துனன் பக்கத்திலேயே நின்றிருக்கிறான்.

அடுத்த சந்தை வருவதற்குள் அவளுக்கு வலிப்பு வந்தது. காத்துக் கருப்பு என்று பூசாரியைக் கூப்பிட்டு வேப்பிலை அடித்தார்கள். சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டவில்லை. வீட்டில் இரண்டு காளைகள் சும்மா நின்றன. நீ மூச்சில்லாமல் பிறந்தாய். அவளுக்கு நினைவு திரும்பியபோது உன்னைப் புதைத்துவிட்டிருந்தார்கள். உன் முகத்தை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மச்சம் ஏதாவது இருந்ததா, சாமி?

நான் போய்ச் சேர்ந்ததும் உன் அம்மாயி சொன்ன முதல் வார்த்தை: "அந்தக் காயிதத்த எல்லாம் அடுப்புல போடுங்க மாப்ள. அதுதான் புள்ளையத் தின்னுருச்சு."

"புள்ளையத் தின்னது காயிதமில்லீங்க அத்தை" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் கை நனைக்கவில்லை.

இப்போதைய செய்தி இது. பாவாயி மறுபடி உண்டாகியிருக்கிறாள். சூரமங்கலத்தில் என்னோடுதான் இருக்கிறாள். கட்டுச்சோறும் கிடையாது, தாய்வீடும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். டவுனில் ஒரு லேடி டாக்டரிடம் அவளைக் கூட்டிப்போய், உனக்கு எழுதிய கடிதங்களையும் கொடுத்தேன். கடைசிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது எழுதி எத்தன நாள் கழிச்சு வலிப்பு வந்துது?"

"அஞ்சாறு நாளுங்க, அடுத்த சந்தைக்குள்ளங்க."

"காப்பாத்த அவ்வளவு நாள் இருந்துதா?" என்றார்.

பிறகு ரத்த அழுத்தம் பார்க்கப் பாவாயியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். பாதரசம் ஏறியது. எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கொதிகலனில் நீராவி அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் என்ஜினை நிறுத்துவோம். ஓர் இரும்புப் பானைக்கு உள்ள மரியாதை உன் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை. "இப்ப சரியா இருக்குது. வீக்கமோ தலவலியோ வந்தா அன்னைக்கே கூட்டிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

ஆனால் வந்தால் யார் சொல்வது? கேட்டால் "ஒண்ணுமில்லீங்க" என்கிறாள். புதுப் பென்சில் வாங்கிக் கொடுத்தேன். தொடவில்லை.

"எழுதுனா இதுவும் போயிருமுங்க."

"நீ எழுதுனதால அவ போகல. யாரும் படிக்காததால போனா."

"உங்களுக்கென்னங்க, சொல்லிப் போடுவீங்க. வயிறு என்னுதுங்க."

ஆகவே இன்று காலை உட்கார்ந்து இதை உனக்கு எழுத ஆரம்பித்தேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆருக்குங்க?"

"மூத்தவளுக்கு."

பக்கத்தில் வந்து நின்று, அதுவரை எழுதியதை முழுக்கப் படித்தாள். மச்சம் என்ற இடத்தில் விரலை வைத்தாள். பிறகு என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அடியில் அவளே எழுதினாள்:

'சாமி, உங்கொப்பன் கோவக்காரரு, நேருல சொல்ல முடியல. நேத்துலருந்து மெட்டி கழலல. தல வலிக்குது.'

படித்துவிட்டேன் மகளே. டாக்டரிடம் போக ஜட்கா வாசலில் நிற்கிறது. உனக்குக் கட்டாத வண்டி. இனி அவள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் அன்றைக்கே படிப்பேன்.

உன் முகம் பார்க்காத,
அப்பன்