அம்மா முதலில் பார்க்கக் கூடாது

என் ஆசை அம்மா,

உன் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். நைனா சாப்பிடுகிறார், தூங்குகிறார், மாட்டைக் கவனிக்கிறார். நானும் கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பி, மறுநாளே கம்பெனி வேலைக்குப் போய்விட்டேன். பேக்கிங் மேஜையில் உட்கார்ந்தால் கை அது பாட்டுக்கு வேலை செய்கிறது. பக்கத்தில் உட்காரும் பெண் "அழுதுடு வசந்தா, பாரம் எறங்கிடும்" என்கிறாள். வந்தால் அழமாட்டேனா?

பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, அப்படித்தான் இருக்கிறேன். உன்மேல் கோபம் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அதோடு உன்னிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது, என் உடம்பு விஷயம். இன்னும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால், நான் பெரியவளான நாளிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்போது நான் எளாவூர்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே அடிவயிறு கனமாக இருந்தது, இடுப்பு கடுத்தது. பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்து எழுந்தபோது பாவாடை ஈரமாக ஒட்டியது. கொல்லைப் பக்கம் போய்ப் பார்த்தேன், ரத்தம். பையைக்கூட எடுக்காமல் வீட்டுக்கு நடந்தேன். ரோட்டில் லாரிகள் வரிசையாக நின்றன. கிளீனர்கள் பார்ப்பார்களே என்று பாவாடையைப் பின்னால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எனக்கு அப்போது தெரிந்த ரத்தம் ஒன்றே ஒன்றுதான். உன் தங்கை, என் சின்னம்மா, பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் செத்துப் போனது முந்தின வருடம். கதவு இடுக்கு வழியாக அந்தத் துணிகளைப் பார்த்திருந்தேன். ஆகவே நானும் சாகப் போகிறேன் என்று முடிவு செய்துகொண்டேன். ராத்திரிக்குள் செத்துவிடுவேனா, விடியும்வரை தாங்குமா என்றுதான் யோசித்தேன்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து "அம்மா" என்று கூப்பிட்டேன். சாணி அள்ளிய கையோடு வந்தாய். என் பாவாடையில் உன் பார்வை பட்டதுதான் தாமதம், கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாய். முகத்தையும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய்.

அந்தக் கண் மூடலை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? பெற்ற பிள்ளை சாவதைப் பார்க்க முடியாமல் அம்மா கண்ணை மூடுகிறாள் என்று நினைத்தேன். நம் பக்கத்துச் சாஸ்திரம் எனக்கு எங்கே தெரியும்? பெரியவளானவளைப் பெற்றவள் முதலில் பார்க்கக் கூடாது. பார்த்தால் பெண் விளங்காது, வயிறு திறக்காது. அத்தை வந்து முதலில் பார்த்து, தண்ணீர் ஊற்றி, தனியாகக் கட்டிய ஓலைக் குச்சிலில் உட்கார வைத்த பிறகுதான் தாய் கண்ணில் படலாம்.

"அத்தைய கூப்ட்டு வரேன், அங்கயே இரு" என்று கண்ணை மூடியபடியே சொன்னாய். இரண்டடி நடந்திருப்பாய்.

"நான் செத்துப் போயிட்டா என் புது பாவாடய யாருக்கும் குடுக்காதம்மா" என்றேன்.

நின்றாய். திரும்பினாய். கண்ணைத் திறந்து நன்றாக, தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாய். "அடிப் பாவி, யாருடி சாவறது?" என்று சொல்லி, கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"சின்னம்மா மாதிரி ரத்தம் போவுதும்மா."

"அது வேறடி. அது புள்ளப் பேத்துல ரத்தம் நிக்காம போனது. இது மாசா மாசம் வர்றது. எனக்கும் வருது, அத்தைக்கும் வருது, உன் டீச்சருக்கும் வருது."

"டீச்சருக்குமா?"

"பின்ன? அவங்க மட்டும் இன்னா வானத்துலேர்ந்து குதிச்சாங்களா?"

சின்னம்மா போன பிறகு ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைப் பிடித்து வைத்துக்கொண்டு கேள்வியாய்க் கேட்டாயாம். கேட்டதை எல்லாம் எனக்குச் சொன்னாய். "அடிவயித்துல கருப்பைன்னு ஒண்ணு கீது. கை மூடுனா எம்மாம் இருக்கும், அம்மாந்தான். புள்ள தங்கறதுக்காக மாசா மாசம் அது உள்ளாற ரத்தமும் சதையுமா ஒரு படுக்க போடுது. புள்ள தங்கலன்னா அந்தப் படுக்க வேணாமில்ல? கழண்டு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வந்துடுது. அதான் இது. காயமும் இல்ல, சீக்கும் இல்ல."

"எங்கேர்ந்து வருது? ஒண்ணுக்குப் போற எடத்துலேர்ந்தா?"

வேறு அம்மாவாக இருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். நீ சிரித்தாய். "இல்லடி. அதுக்குக் கீழ இன்னொரு வழி கீது. புள்ள பொறக்கற வழி. அங்கேர்ந்து" என்றாய். சில மாதங்களாக உள்பாவாடையில் வெள்ளையாகப் பட்டதே, அது இது வரப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு என்றும் சொன்னாய். அதையும் நோய் என்றுதான் மறைத்து வைத்திருந்தேன்.

பிறகு உன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக்கொண்டு வந்தாய். நீளவாக்கில் நாலாக மடித்து, இடுப்பில் ஒரு நாடாவைக் கட்டி, துணியின் ஒரு முனையை முன்னால் செருகி, மறு முனையைக் காலிடுக்கு வழியாக இழுத்துப் பின்னால் செருகிக் காட்டினாய். நைலக்ஸ் துணி வேண்டாம், ஈரத்தை உறிஞ்சாது என்றாய்.

"முழுசா நனையற வரைக்கும் வெச்சிக்கினு இருக்காத. காலைல, மத்தியானம், சாயங்காலம், படுக்கசொல்ல, மாத்திடணும். தொட உரசிப் புண்ணாச்சுன்னா தேங்காண்ண தடவு. தொவைக்கசொல்ல மொதல்ல பச்சத் தண்ணிலதான் அலசணும். சுடுதண்ணி ஊத்துனா கறை புடிச்சிக்கும். அப்பறம் சோப்பு. நல்ல வெயில்ல காய வை. அத்தை கூரை இடுக்குல சொருவச் சொல்லும், கேக்காத. ஈரத்துணி கட்டுனா அரிப்பு வரும், சீழ் புடிக்கும்."

"ஆம்பளைங்க பாத்துட்டா?"

"பாக்கட்டும். துணிதான?"

எத்தனை நாள் போகும் என்று கேட்டேன். மூன்று நாளும் போகலாம், ஒரு வாரமும் போகலாம் என்றாய். முதல் ஒன்றிரண்டு வருடம் ஒழுங்காக வராது, ஒரு மாதம் வந்து அடுத்த மாதம் வராமலும் போகும், அதற்காகப் பயப்படாதே என்றாய். வயிறு வலித்தால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்துக்கொள்ளச் சொன்னாய். துணி மாற்றி மாற்றித் தொப்பலாக நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, ஒரு வாரம் தாண்டியும் நிற்காவிட்டாலோ உடனே உன்னிடம் சொல்ல வேண்டும்.

"இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்க" என்றபோது மட்டும் உன் குரல் கொஞ்சம் இறங்கியது. "இனிமே ஆம்பள கூடச் சேந்தா உனக்குப் புள்ள உண்டாவலாம். ஒடம்பு ஆரம்பிச்சிருக்கு, அவ்ளோதான். புள்ளயச் சொமக்கற பெலம் இன்னும் வரல. இந்த வயசுல சொமந்தா சின்னம்மா கதிதான். உன்னக் கட்டிக்குடுன்னு யார் வந்து நின்னாலும் நான் பாத்துக்கறேன். நீ பள்ளிக்கூடத்துக்குப் போ."

"இது தீட்டாம்மா?"

யோசித்தாய். "தீட்டுன்றாங்க. நானும் மூணு நாள் வெளிய உக்காறேன். அழுக்கு ஒண்ணும் இல்லடி. வருசம் பூரா அந்த மூணு நாள்தான் எனக்கு அடுப்பூத வேணாம். அதனால நானும் வாயத் தொறக்கல." இரண்டு பேரும் சிரித்தோம். சாகப் போகிற பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தேன், அம்மா.

கடைசியாக என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாய். "ரத்த சமாச்சாரத்துல என்கிட்ட எதயும் மறைக்காத. சின்னம்மா ரெண்டு நாளா லேசா போவுதுன்றத வெக்கப்பட்டுக்கினு மறச்சா. தெரிஞ்சிருந்தா வண்டி கட்டியிருப்பேன்."

அதற்குப் பிறகுதான் அத்தைக்கு ஆள் அனுப்பினாய். நைனாவின் அக்கா அவள். வந்ததும் வராததுமாக அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரு மொதல்ல பாத்தது?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரி பார்த்தாள் என்றால் முடிந்தது கதை. "நான்தான் அண்ணி" என்றாய்.

"பெத்தவ கண்ணு பட்டா பொண்ணு வெளங்குமாடி? இன்னா காரியம் பண்ணிக்கினு நிக்கற!"

"கொழந்த செத்துப் போவறேன்னு உக்காந்துக்கினு இருந்தா அண்ணி. கண்ண மூடிக்கினு எப்பிடிப் போவறது?"

பச்சை ஓலையில் குச்சில் கட்டினார்கள். மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள், பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்க வைத்தார்கள், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்தார்கள். உன்னைக் கிட்டே விடவில்லை. குச்சிலை விட்டு வந்ததும் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாய். அத்தை மகனுக்குப் பெண் கேட்டு வந்தபோது முடியாது என்றாய். அன்றிலிருந்து எனக்குத் தலைவலி வந்தாலும் உன் கண்தான் காரணம் என்பாள். கல்யாணமாகி மூன்று வருடம் குழந்தை இல்லாதபோது அத்தை அதைச் சபையிலேயே சொன்னாள். உன் பேத்தி பிறந்த பிறகுகூட நீ "பாத்தியா?" என்று அவளை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மாதா மாதம் என்னை மட்டும் விடாமல் கேட்டாய், "இன்னாடி, ஆச்சா?" என்று. உனக்கு நின்றுபோனபோது பஸ் ஏறி வந்து எனக்குத்தான் சொன்னாய். "அப்பாடா, பேஜாரு உட்டுச்சு" என்றாய்.

அப்புறம் திரும்ப வந்ததே, அதை ஏன் சொல்லவில்லை?

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் எவ்வளவு நாளாக என்று கேட்டபோது நீ சுவரைப் பார்த்தாய். ஒரு வருடத்துக்கு மேல் என்றாய். நின்றுபோன பிறகு ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும் என்றார் அவர். கருப்பை வாயில் புற்று, முற்றிவிட்டது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வராந்தாவில் உன்னைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏம்மா மறச்ச?"

"பெத்த பொண்ணு பாக்கக் கூடாதுடி, அம்மாவுக்கு இப்பிடி ஆவறத" என்றாய்.

அப்படி ஒரு சாஸ்திரம் எந்த ஊரில் இருக்கிறது? ஊரே சொன்ன சாஸ்திரத்தை எனக்காக மீறினவள், யாருமே சொல்லாத ஒன்றை நீயாகவே உண்டாக்கிக்கொண்டு செத்தாயே. இதற்குத்தான் கோபம். அன்றைக்கு மாட்டுக் கொட்டகையில் நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்க்க நீ விடவில்லையே, அம்மா.

சரி, என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இப்போது இரண்டு மாதமாகக் கணக்கில்லாமல் நடுநடுவே படுகிறது. உன் மருமகனுக்குத் தெரியாது. அவர் எழுவதற்கு முன்பே துணியை அலசி, பாத்திரம் வைக்கும் பலகைக்கு அடியில் காய வைத்துவந்தேன். உன் நோயிலும் சாவிலும் இதைப் போய் யாரிடம் சொல்வது என்று நானே ஒரு சாக்கு வைத்திருந்தேன். நேற்று அப்படிக் குனிந்து துணியைச் செருகும்போது உன் பேத்தி வந்து நின்று, "இன்னாம்மா ஒளிக்கற?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. அவளைக் கட்டிக்கொண்டு கத்தி அழுதேன்.

இதோ, முதலில் உன்னிடம் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம் அவரிடம் சொல்வேன். நாளைக்கு லீவு போட்டு, அந்த லேடி டாக்டரிடமே காட்டுவேன். என்ன சொன்னாலும் உனக்கு எழுதுகிறேன். உன் பேத்திக்கு நாள் வரும்போது அவளுடையதை எல்லாம் சொல்லிக்கொடுப்பேன், என்னுடையதையும் சொல்வேன். கிழவியானாலும் சொல்வேன். சத்தியமாக, அம்மா.

உன் ஒரே பொண்ணு,
வசந்தா