காயமா, நோயா?

மார்ச் 4, செவ்வாய்

போரால் வந்த மனப்பாதிப்புக்கு உதவித்தொகை கேட்டுத் தம்பி ஜதுர்சன் போட்ட விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். கனடாப் படையில் ஏழு மாதம் ஆப்கானிஸ்தானில், கந்தஹாரில் நின்றவன். அவனுக்கு முன்னால் போன வண்டி கண்ணிவெடியில் சிதறியது. அக்காலத்து மருத்துவப் பதிவில் முறைப்பாடு எதுவும் இல்லையாம்! எப்படி இருக்கும்? சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரையும் போல அவனும் "ஐ ஆம் ஃபைன்" என்றவன்.

மறுபரிசீலனைக்கு, அவனோடு ஒரே வீட்டில் வசிப்பவரின் சாட்சிக் கடிதம் வேண்டும். 31ஆம் திகதி கடைசி நாள். அவனோடு வசிப்பது அப்பா மட்டும்தான்; நான் வேறு வீட்டில்.

மார்ச் 5

அப்பா எழுதமாட்டாராம். "மட்டக்களப்பிலை சண்டை நேரம் செல்லடிக்குள்ளை சமைச்சுச் சாப்பிட்டனாங்கள். எங்களுக்கு என்ன வந்தது? உவன் கோழை." அவனுக்கு முன்னாலேயே சொன்னார். அவன் தட்டைக் கழுவிவிட்டுக் கீழே போய்விட்டான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

மார்ச் 11

ஆவணக் காப்பக வேலையில் நான் ஸ்கான் செய்வது முதலாம் உலகப்போர்ச் சிப்பாய்களின் கோப்புகள். இன்று ஒன்றில் W என்ற எழுத்தை வெட்டி S என்று எழுதியிருந்தது. மேற்பார்வையாளர் பேர்ணடெற் விளக்கினாள்.

போர்முனையில் நடுங்கியவர்களுக்கு, செல் என்ற பீரங்கிக் குண்டு வெடித்து மூளை குலுங்கியதென்றே முதலில் நம்பினார்களாம். பிறகு செல் விழாத இடத்தில் நின்றவனும் நடுங்கினான், பேச்சிழந்தான். உடனே அதைப் பலவீனம் என்றுவிட்டார்கள். செல் பக்கத்தில் வெடித்ததென்று அதிகாரி உறுதிப்படுத்தினால் W, காயம். சட்டைக் கையில் அதற்கொரு கௌரவப் பட்டி. இல்லாவிட்டால் S, வெறும் நோய். 1917இல் 'செல் ஷொக்', அதாவது குண்டதிர்ச்சி, என்று எழுதவே தடை. ஊமையானவர்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார்கள். ஓடிப்போனான் என்று சிலரைச் சுட்டும் கொன்றார்கள். சீ, என்ன மனிதர்கள்! 1980இல்தான் இது பி.ரி.எஸ்.டி., அதாவது அதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய், என்று மருத்துவ நூலில் ஏறியது.

அந்த S-ஐப் போட்ட கை இன்னும் சாகவில்லை. எங்கள் வீட்டில் சோறு சாப்பிடுகிறது.

மார்ச் 12

அப்படியே அப்பாவிடம் கத்தினேன். ஜதுர்சனின் மருத்துவர் சொன்னதையும் சொன்னேன்: ஆபத்து முடிந்ததென்று மூளையின் அபாயமணிக்குத் தெரிவதில்லை, அது அடித்துக்கொண்டே இருக்கும். வெடியலை பலமுறை பட்ட சிலரின் மூளையில் நுண்ணிய தழும்புகளையே கண்டிருக்கிறார்கள். "அப்ப உடம்பு அழுதா அதுவும் கோழையோ, அப்பா?"

அவர் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20

கடிதம் இன்னும் இல்லை. என்ன பிறவியோ!

மார்ச் 28, வெள்ளி

அப்பா ஒரு கடித உறையை நீட்டினார். "பிழை இருந்தாத் திருத்து, பிள்ளை." மூன்று பக்கம். பாலத்துக்குக் கீழே போகாமல் தம்பி சுற்றிப் போவது, விடியும்வரை கதவைப் பார்த்திருப்பது. பிறகு இப்படி:

"குப்பை லொறி தொட்டியை அடிக்கேக்கை அவன் கட்டிலுக்குக் கீழை போறான். சத்தம் கேட்டு எனக்குத் தெரியும். அந்த நேரம் நானும் என்ரை கட்டிலுக்குக் கீழைதான் கிடக்கிறன். முப்பத்தைஞ்சு வருசமா இப்பிடித்தான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். இத்தனை வருடம் நானும் அவரை ஒன்றும் கேட்கவில்லையே.

மொழிபெயர்த்து அனுப்பினேன். பிறகு குடும்ப வைத்தியரிடம் அப்பாவுக்கு ஒரு நேரம் கேட்டேன். என்ன பிரச்சினை என்றாள் வரவேற்பில் இருந்த பெண். போரில் பட்ட காயம் என்றேன். எப்போது பட்டது என்றாள். தொண்ணூறாம் ஆண்டு என்றேன்.